ஃப்ளட்டரா, நேட்டிவா: மூன்று பேர் குழுவின் கணக்கு

மொபைல் செயலியை இரண்டு வழிகளில் உருவாக்கலாம். ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியிலும் ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியிலும் தனித்தனியாக எழுதுவது நேட்டிவ் வழி. ஒரே நிரலை எழுதி இரண்டு வகைப் போனிலும் ஓடவைப்பது மற்றொரு வழி. இந்த இரண்டாம் வழிக்குப் பெயர்பெற்ற கருவி கூகுள் உருவாக்கிய ஃப்ளட்டர். அதன் முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் இன்றும் களத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனம் இரண்டு அணிகளை வைத்து இரண்டு நிரல்களையும் பராமரித்துக்கொள்ளும். மூன்று பேர் மட்டுமே உள்ள குழு அப்படிச் செய்ய முடியாது. அங்கே ஒருவர் விடுப்பில் போனால் ஐபோன் வேலையே நின்றுவிடும்.

இந்தத் தேர்வைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகத்தில் தொடங்கி வேகத்திலேயே முடிகிறது. சாதாரண வணிகச் செயலிக்கு அது இரண்டாம் நிலைக் கேள்விதான். முதலில் பார்க்க வேண்டியது, செயலி போனின் உட்பகுதியை எவ்வளவு தொடுகிறது என்பதை. அதற்கு ஃப்ளட்டர் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேட்டிவ் செயலியில் பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி எல்லாம் போனின் இயங்குதளம் தரும் கருவிகளைக் கொண்டு அமைபவை. ஃப்ளட்டர் இவற்றை எடுத்துக்கொள்வதில்லை. இயங்குதளத்திடம் ஒரு வெற்றுப் பரப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, அதன்மேல் எல்லாவற்றையும் தானே வரைகிறது. அதனால்தான் ஒரு திரை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. 2025இல் ஐஓஎஸ் 26 கண்ணாடி போன்ற புதிய தோற்றத்துடன் வந்தபோது, ஆப்பிளின் வழக்கமான கருவிகளால் கட்டிய செயலிகளுக்குப் புதிய எக்ஸ்கோடில் மறுபடி தொகுத்ததுமே அந்தத் தோற்றத்தில் பெரும்பகுதி கிடைத்தது. ஃப்ளட்டர் செயலிகள் பழைய தோற்றத்திலேயே இருந்தன. கடைச் செயலிக்கு இது பெரிய குறை ஆகாது.

வரைவதற்கு அப்பாற்பட்ட வேலைகள் வேறு வகை. கேமரா, ஜிபிஎஸ், புளூடூத், அறிவிப்பு போன்றவற்றை ஃப்ளட்டரின் டார்ட் மொழி நேராகத் தொடுவது வழக்கமில்லை. பெரும்பாலும் ஒரு வாய்க்கால் வழியாகக் கோட்லின் அல்லது ஸ்விஃப்ட் நிரலுக்குச் செய்தி அனுப்பும். வேலை அங்கேதான் நடக்கும். டார்ட் பக்கம் பார்க்க மிக எளிமையாக இருக்கும்:

```dart
const channel = MethodChannel('kadai/location');
await channel.invokeMethod('start');
```

இந்த இரண்டு வரிக்கு எதிர்ப்பக்கத்தில் ஆண்ட்ராய்டுக்கு ஒரு கோட்லின் பகுதியும் ஐபோனுக்கு ஒரு ஸ்விஃப்ட் பகுதியும் இருந்தாக வேண்டும். வாய்க்காலின் பெயர் வெறும் எழுத்துச் சரம் என்பதால், இரு பக்கமும் ஓரெழுத்து மாறியிருந்தாலும் தொகுக்கும்போது பிழை தெரியாது. செயலி ஓடி அந்த வரியை எட்டும்போதுதான் `MissingPluginException` என்று விழும். வழக்கமான தேவைகளுக்கு இந்த எதிர்ப்பக்கத்தை வேறு யாராவது எழுதி, pub.dev தளத்தில் பிளகின்னாக வைத்திருப்பார்கள். ஆக, ஃப்ளட்டர் குழு நேட்டிவ் நிரலிலிருந்து முழுக்கத் தப்பிப்பதில்லை. அதை எழுதும் பொறுப்பைப் பிறரிடம் விடுகிறது, அவ்வளவுதான்.

இதை ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் பார்க்கலாம். ஒரு நகரின் மளிகைக் கடைக்காக மூன்று பேர் இரண்டு செயலிகள் செய்கிறார்கள். ஒன்று வாடிக்கையாளருக்கு, மற்றொன்று வீட்டுக்குச் சரக்கு கொண்டுபோகும் ஊழியர்களுக்கு.

வாடிக்கையாளர் செயலியில் பதினான்கு திரைகள் என்று கொள்வோம். ஓடிபி நுழைவு, பொருள் பட்டியல், தேடல், கூடை, முகவரி, கட்டணம், பழைய ஆர்டர்கள் என்று அவை நீளும். திரைக்கு மூன்று ஆள்நாள் போட்டால் ஓர் இயங்குதளத்துக்கு 42 ஆள்நாள். நேட்டிவ் வழியில் ஐபோனுக்கும் அதையே திரும்பக் கட்ட வேண்டும். வடிவமைப்பும் சர்வர் பக்கமும் முன்பே முடிவாகியிருப்பதால் இரண்டாம் முறை சற்றுக் குறைந்து 30 ஆகலாம், மொத்தம் 72. ஃப்ளட்டரில் 42 ஒரே முறைதான். அதோடு அறிவிப்பு, கட்டணம், ஐபோன் தொகுப்பு ஆகியவற்றைச் சரிசெய்யப் பத்து நாள் சேர்த்தால் 52. முதல் பதிப்பில் மிச்சமாவது 20 நாள். இதைவிடப் பெரிய லாபம் அடுத்த ஆண்டு தெரியும். தள்ளுபடிக் கூப்பன் ஒன்றைச் சேர்க்கும்போது ஓரிடத்தில் எழுதி ஓரிடத்தில் சோதித்து, இரு கடைகளிலும் ஒரே நாளில் பதிப்பு கேட்கலாம். கூடையின் தொகையை ஆண்ட்ராய்டு ஒரு விதமாகவும் ஐபோன் வேறு விதமாகவும் முழுமையாக்கிக் காட்டும் வகைப் பிழைகளும் வராது.

இந்தச் செயலி போனின் உட்பகுதியைத் தொடும் இடங்கள் மூன்றே: அறிவிப்பு, கட்டணம், முகவரிக்காக ஒரு முறை இருப்பிடம். மூன்றுக்கும் நன்கு பராமரிக்கப்படும் பிளகின்கள் இருக்கின்றன. எனவே இதற்கு ஃப்ளட்டர்தான் சரி, தயங்க ஒன்றுமில்லை.

ஊழியர் செயலியில் திரைகள் நான்குதான். ஆனால் போன் சட்டைப் பையில் அணைந்து கிடக்கும்போதும் அது இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், திரையில் இல்லாத செயலிக்கு ஒரு மணி நேரத்தில் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும். தொடர்ந்து வேண்டுமானால், நிலையான அறிவிப்பு ஒன்றைக் காட்டியபடி ஓடும் முன்னணிச் சேவையைத் தொடங்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 பின்னணி இருப்பிடத்துக்குத் தனி அனுமதி கேட்டது. ஆண்ட்ராய்டு 14 அந்தச் சேவை எந்த வகை என்பதை முன்கூட்டியே அறிவிக்கச் சொன்னது. இவை போதாதென்று, விலை குறைந்த பல போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தத் தங்கள் போக்கில் செயலிகளை நிறுத்திவிடுகின்றன.

இங்கே ஃப்ளட்டர் எடுத்தால் சிக்கல் கூடுகிறது. திரை மூடப்பட்டதும் அதோடு ஓடிய டார்ட் நிரலும் நின்றுபோகலாம். பிளகின்கள் இதற்காகப் பின்னணியில் இன்னொரு ஃப்ளட்டர் எஞ்சினை எழுப்புகின்றன. அந்த இரண்டாவது ஓட்டம் முதலாவதோடு நினைவகத்தைப் பகிர்வதில்லை. திரையில் ஊழியர் தேர்ந்தெடுத்த ஆர்டர் எண் பின்னணிக்குத் தெரியாது. கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதித்தான் கைமாற்ற வேண்டும். ஏதாவது நின்றால் குற்றம் டார்ட்டிலா, பிளகின்னிலா, ஆண்ட்ராய்டிலா, போன் தயாரிப்பாளரிடமா என்று நான்கு இடத்தில் தேட நேரும். நேரடியாகக் கோட்லினில் எழுதினால் தேடும் இடங்கள் இரண்டு குறையும். மேலும், ஊழியர்களுக்குக் கடையே ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுக்கிறது என்றால் ஐபோன் பதிப்புக்குத் தேவையே இல்லை. ஃப்ளட்டரின் முதன்மையான லாபம் அங்கேயே அற்றுப்போகிறது. நான்கு திரைக்காக அந்தச் சுமையைச் சுமப்பதில் பொருளில்லை. இந்தச் செயலி கோட்லினில்தான் எழுதப்பட வேண்டும்.

இந்த வகைக் கோளாறு மேசையில் சோதிக்கும்போது தெரியவே தெரியாது. கணினியோடு கேபிளில் இணைந்திருக்கும் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதால், ஆண்ட்ராய்டு அதைத் தூங்கவிடாது. தூக்க நிலையை வலியக் கொண்டுவர, திரையை அணைத்துவிட்டு இந்தக் கட்டளைகளைக் கொடுக்கலாம்:

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys deviceidle force-idle
```

சோதனை முடிந்ததும் `adb shell dumpsys deviceidle unforce`, `adb shell dumpsys battery reset` இரண்டையும் கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இதைவிட நம்பகமானது, ஊழியர் வைத்திருக்கும் அதே மலிவுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு அரை நாள் சுற்றிவிட்டு, சர்வரில் வந்து சேர்ந்த புள்ளிகளுக்கிடையே எவ்வளவு நேர இடைவெளி விழுந்திருக்கிறது என்று பார்ப்பது.

வேகம் பற்றிய கேள்வியையும் இப்படியே நேரில் பார்த்துத் தீர்க்கலாம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு காட்சியை வரைய ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான் கிடைக்கிறது. அதைத் தாண்டினால் பட்டியல் உருளும்போது திக்கும். ஆனால் எழுதும்போது ஓடும் டீபக் பதிப்பை வைத்து ஃப்ளட்டரை எடைபோடக் கூடாது. மாற்றத்தை உடனே திரையில் காட்டும் வசதிக்காக அது மெதுவாகவே ஓடும். `flutter run --profile` என்று உண்மையான போனில் ஓட்டினால்தான் வாடிக்கையாளர் காணப்போகும் வேகம் தெரியும். விளையாட்டு, வீடியோ திருத்தம் போன்றவற்றைத் தவிர மற்றச் செயலிகளில் இங்கே பெரிய வேறுபாடு வெளிப்படுவது அரிது.

உண்மையான செலவு இரண்டாம் ஆண்டில்தான் வரும். 2021இல் டார்ட் மொழி வெற்று மதிப்புகளைக் கையாளும் முறையை மாற்றியது. 2023இல் வந்த டார்ட் 3 பழைய முறையில் எழுதிய தொகுப்புகளை ஏற்கவே மறுத்தது. எழுதியவர் கைவிட்டுப்போன பிளகின்னை நம்பியிருந்த குழுக்கள் அதைத் தாங்களே திருத்தவோ மாற்றாக வேறொன்றைத் தேடவோ வேண்டியிருந்தது. கூகுள் பிளே 2025 நவம்பர் முதல், ஆண்ட்ராய்டு 15க்கும் அதற்கு மேலும் எழுதப்படும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கத்தை ஆதரிக்க வேண்டும் என்றது. செயலிக்குள் பழைய சி++ நூலகத்தை ஒளித்துவைத்திருக்கும் ஒரே ஒரு பிளகின் போதும், புதுப்பிப்பு தடைபடும். நேட்டிவ் செயலியும் ஆண்டுதோறும் இப்படிப்பட்ட விதிகளுக்கு ஈடுகொடுத்தாக வேண்டும்தான். ஆனால் அங்கே இயங்குதளக் கருவிகள் நேராக மூலத்திலிருந்தே வருகின்றன. ஆகவே பிளகின் தேர்ந்தெடுக்குமுன் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, யார் வெளியிடுகிறார்கள், புகார்களுக்குப் பதில் வருகிறதா என்று பார்ப்பது அவசியம். பத்துக்குள் முடிய வேண்டிய பிளகின்கள் முப்பதாகப் பெருகியிருந்தால் அந்தக் குழு ஆண்டுதோறும் வருந்தும்.

ஏர்பிஎன்பி 2018இல் ரியாக்ட் நேட்டிவைக் கைவிட்டதை இந்த விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த நிறுவனம் ஏற்கெனவே பெரிதாக வளர்ந்திருந்த இரண்டு நேட்டிவ் செயலிகளுக்குள் மூன்றாவதாக ஒன்றைச் செருகியது. பராமரிக்க வேண்டியவை இரண்டிலிருந்து மூன்றாயின. வெறுமையிலிருந்து தொடங்கும் சிறு குழுவுக்கு அந்த நிலை இல்லை. கோட்லின் செயலி ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கும் குழுவுக்குத்தான் அது எச்சரிக்கை. அப்படிப்பட்டவர்கள் கணக்கு வழக்குப் பகுதியை மட்டும் பகிர்ந்துகொள்ள உதவும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்மைப் பார்க்கலாம். அது 2023 நவம்பரில் நிலையான நிலையை எட்டியது.

ஃப்ளட்டர் எடுத்தாலும் குறையாத செலவுகள் சில உண்டு. ஐபோன் செயலியைத் தொகுக்க எக்ஸ்கோடு வேண்டும். அதற்கு மேக் கணினியோ வாடகை மேக் சேவையோ வேண்டும். ஆப்பிள் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுள் பிளேக்கு ஒரே முறை 25 டாலர். கையில் ஓர் ஐபோன் இல்லாமல் ஐபோன் செயலி வெளியிடுவது விவேகமில்லை. குழுவில் ஒருவராவது எக்ஸ்கோடின் பிழைச் செய்தியையும் ஆண்ட்ராய்டின் கிரேடில் பிழைச் செய்தியையும் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், ஃப்ளட்டரைப் பழகத் தொடங்கும் முன் யாராவது ஒருவர் கோட்லினில் ஒரு சிறு செயலியையாவது எழுதிப் பார்ப்பது நல்லது.

இன்னும் முடிவுக்கு வர முடியாத குழு நுழைவுத் திரையையும் பட்டியலையும் முதலில் செய்ய வேண்டாம். அவை எந்தக் கருவியிலும் வந்துவிடும். செயலியில் எது மிகக் கடினமோ அதை மட்டும் ஒரு வாரம் ஃப்ளட்டரில் எழுதி, வாடிக்கையாளரிடம் இருக்கும் மலிவான போனில் ஓட்டிப் பாருங்கள். அந்த வாரத்தின் பெரும்பகுதி டார்ட்டில் கழிந்தால் ஃப்ளட்டர். கோட்லின் கோப்புகளில் கழிந்தால் நேட்டிவ்.