வெளியே ஒன்று, உள்ளே வேறு: சமான மூலங்களுக்கு ஐந்து கணக்குகள்

மூடிய பெட்டி ஒன்று; வெளியே இரண்டு முனைகள் மட்டும். உள்ளே 12 வோல்ட் மின்னழுத்த மூலமும் அதற்குத் தொடராக 4 ஓம் மின்தடையும் இருக்கலாம். அல்லது 3 ஆம்பியர் மின்னோட்ட மூலமும் அதற்குப் பக்க இணைப்பில் அதே 4 ஓமும் இருக்கலாம். எந்தச் சுமையை மாட்டி அளந்தாலும் உள்ளே இருப்பது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. இவைதான் சமான மூலங்கள். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் லியோன் தெவெனின் 1883இல் முதல் வடிவத்தையும், பெல் ஆய்வகத்தின் எட்வர்ட் நார்ட்டன் 1926இல் இரண்டாவதையும் முன்வைத்தார்கள்.

டிப்ளமோ முதலாண்டு மாணவர்கள் படிப்படியாகப் போட்டுப் பார்க்க ஐந்து கணக்குகள் இதோ.

கணக்கு 1. 20 வோல்ட் மூலம், தொடராக 5 ஓம். இதன் மின்னோட்ட வடிவம் என்ன?
விடை: 20 ÷ 5 = 4 ஆம்பியர், பக்க இணைப்பில் 5 ஓம். அம்புக்குறி நேர்முனையை நோக்கி இருக்க வேண்டும்.

கணக்கு 2. 2 ஆம்பியர் மூலம், பக்க இணைப்பில் 6 ஓம். இதன் மின்னழுத்த வடிவம்?
விடை: 2 × 6 = 12 வோல்ட், தொடராக 6 ஓம்.

கணக்கு 3. சுமை இல்லாதபோது ஒரு மின்கலம் 1.5 வோல்ட் காட்டுகிறது, 0.3 ஆம்பியர் எடுத்தால் 1.2 வோல்ட்டாக இறங்குகிறது. சமான மூலங்கள் எவை?
விடை: குறைந்தது 0.3 வோல்ட், அதை 0.3 ஆம்பியரால் வகுத்தால் உள்தடை 1 ஓம். எனவே 1.5 வோல்ட்டும் தொடராக 1 ஓமும், அல்லது 1.5 ஆம்பியரும் பக்க இணைப்பில் 1 ஓமும்.

கணக்கு 4. 12 வோல்ட்டும் 6 ஓமும் ஒரு கிளை. 6 வோல்ட்டும் 3 ஓமும் இன்னொரு கிளை. நேர்முனைகள் ஒருபக்கமாக இருக்க, இரண்டும் பக்க இணைப்பில் உள்ளன. 2 ஓம் சுமையில் எவ்வளவு மின்னோட்டம் பாயும்?
விடை: பலர் 12ஐயும் 6ஐயும் நேரே கூட்டி 18 என்று எழுதிவிடுவார்கள், அது தவறு. முதலில் இரண்டையும் மின்னோட்ட வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் தருவதால் மொத்தம் 4 ஆம்பியர். 6 ஓமும் 3 ஓமும் சேர்ந்து 2 ஓம். மறுபடி மாற்றினால் 8 வோல்ட், 2 ஓம். சுமையில் 8 ÷ 4 = 2 ஆம்பியர்.

கணக்கு 5. கணக்கு 1இன் இரு வடிவங்களிலும் சுமையைக் கழற்றிவிட்டால் உள்தடையில் எவ்வளவு வெப்பம் வீணாகும்?
விடை: மின்னழுத்த வடிவத்தில் மின்னோட்டமே இல்லை, 0 வாட். மின்னோட்ட வடிவத்தில் 4 ஆம்பியரும் 5 ஓம் வழியே சுற்றுகிறது; 4 × 4 × 5 = 80 வாட்.

ஐந்தாவது கணக்கு பலரைத் திகைக்கவைக்கும். சமானம் என்பது வெளியே உள்ள இரு முனைகளுக்கு மட்டுமே. உள்ளே நடக்கும் செலவுக்கு அது பொருந்தாது. அதனால் மூலத்தின் உள்ளே வீணாகும் திறனைக் கேட்டால், மாற்றிய சுற்றில் கணக்கிடக் கூடாது. கேள்வியில் தந்த அசல் சுற்றுக்கே திரும்ப வேண்டும்.

விடையைச் சரிபார்க்க இரண்டு சோதனைகள் போதும். முனைகளைத் திறந்து வைத்தால் கிடைக்கும் மின்னழுத்தமும், குறுக்கிணைத்தால் பாயும் மின்னோட்டமும் இரு வடிவங்களிலும் ஒன்றாக வர வேண்டும். தொடர் தடையே இல்லாத மின்னழுத்த மூலத்தை இப்படி மாற்ற முடியாது. எந்த எண்ணையும் சுழியால் வகுக்க இயலாது.