எண்பது விநாடி அழைப்பு

எங்கள் பிளஸ் டூ செட் 1998-இல் பள்ளியை விட்டது. 2023-இல் 25 ஆண்டு நிறைவுக்கு ஒன்று கூடலாம் என்று முடிவானதும், ஒருங்கிணைப்பாளராக இருந்த நண்பன் வீடியோவில் அழைப்பு பேசி வாட்ஸ்அப் குழுவில் போட்டான். நாலரை நிமிடம் ஓடியது. பள்ளியின் பெருமை, ஆசிரியர்களுக்கு நன்றி எல்லாம் முடிந்து, தேதி வரும்போது மூன்றரை நிமிடம் தாண்டியிருந்தது. அன்று இரவே குழுவில் பத்துப் பேர் கேட்டார்கள்: “என்னைக்குடா? எங்கே?”

தேதியையும் இடத்தையும் வீடியோவுக்குக் கீழே எழுதித்தான் போட்டிருந்தான். ஆனால் வீடியோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது அந்த எழுத்தும் கூடவே போகும் என்று நிச்சயமில்லை. எங்களோடு படித்த பெண்களில் பாதிப் பேரின் இப்போதைய நம்பர் எங்களிடம் இல்லை. அவர்களுடைய அண்ணன், தம்பி, பழைய தெருக்காரர்கள் வழியாகத்தான் சேதி போக வேண்டும். நாலு கை மாறிப் போய்ச் சேர்ந்தாலும், பார்ப்பவருக்கு வேண்டியது முழுக்க அந்த வீடியோவுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதை மனதில் வைத்து இருவரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். பேச்சுத் தமிழிலேயே எழுதினோம். எழுத்துத் தமிழைப் பார்த்து வாசித்தால் ரேடியோ செய்தி போல ஆகிவிடுகிறது. பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தருகிறேன்.

0 – 12 விநாடி: “வணக்கம். நான்தான் ____. பிளஸ் டூ ‘பி’ பிரிவு, ஜன்னலோரம் மூணாவது பெஞ்ச். இந்த குரூப் போட்டோவில மேல் வரிசை, இடமிருந்து நாலாவது.”

12 – 30: “நாம பள்ளிக்கூடம் விட்டு 25 வருஷம் ஆச்சு. மே 28, ஞாயித்துக்கிழமை, காலையில 10 மணிக்கு, நம்ம பள்ளிக்கூடத்திலேயே கூடுறோம். சாயங்காலம் 4 மணிக்கு முடிச்சிடுவோம். வெளியூர்க்காரங்க அன்னைக்கே பஸ் ஏறிடலாம்.”

30 – 62: “நமக்குப் பாடம் எடுத்தவங்க 6 பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. மேடைப் பேச்சு அரை மணி நேரம்தான். மத்த நேரம் பூரா நாம பேசிக்கிட்டு இருக்கத்தான். என்ன வேலை, எவ்வளவு சம்பளம்னு யாரும் கேட்கப் போறதில்ல. பாஸ் ஆனவங்க, ஆகாதவங்க, பாதியில நின்னவங்க, எல்லாரும் நம்ம செட்டுதான். குடும்பத்தோட வரலாம். நம்மை விட்டுப் போன 3 பேருக்காக முதல்ல ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்.”

62 – 80: “வர்றதா இருந்தா மே 14-க்குள்ள, எத்தனை பேருன்னு திரையில இருக்கிற நம்பருக்கு மெசேஜ் போடுங்க. இந்த குரூப்பில இல்லாத ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. மறுபடி சொல்றேன்: மே 28, ஞாயிறு, காலை 10, நம்ம பள்ளிக்கூடம்.”

ஏறக்குறைய 110 சொற்கள். பக்கத்தைப் பார்த்து நேரத்தைக் கணிக்க முடியாது. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் தடவை அவன் 62 விநாடியில் முடித்துவிட்டான். அந்த வேகத்தில் தேதி காதில் நிற்கவில்லை. இறந்துபோனவர்களைச் சொல்லும் இடத்தில் மூச்சு விட நேரமே இல்லை. அங்கே இரண்டு விநாடி நிறுத்தி, நிதானமாகப் படித்தபோதுதான் 80 வந்தது.

பட்டப்பெயர்களை வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். அன்று சிரித்தவர்கள் நாம். வலித்தது யாருக்கு என்று நமக்குத் தெரியாது. பணத்தையும் சொல்லவில்லை. தொகையைக் கேட்டதும் பேசாமல் ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைத்தான் முதலில் வரவழைக்க வேண்டும்.

ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தோம். பழைய போட்டோவைக் கையில் தூக்கிக் காட்டினால் வெளிச்சம் பட்டு மின்னுகிறது, முகம் தெரிவதில்லை. கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, நிழலில் வைத்துத் தனியாகப் படம் எடுத்து இடையில் சேர்த்தோம். தேதி, நேரம், இடம், நம்பர் நான்கும் 12-ஆவது விநாடியிலிருந்து கடைசிவரை திரையின் அடியில் பெரிய எழுத்தில் நின்றன. போட்டது அவனுடைய நம்பர் மட்டும். அது எந்தெந்தப் போனுக்குப் போகும் என்று சொல்ல முடியாது என்பதால், இன்னொருவர் நம்பரை அவரைக் கேட்காமல் போடக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் தலைமை ஆசிரியரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பள்ளியைத் திறக்க எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. தேதி பிறகு மாறினால், ஊர் ஊராகச் சுற்றும் வீடியோவைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

அனுப்பிய மூன்றாம் நாள், யாரிடமும் பதிவாகாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. “நான் பிளஸ் ஒன்னோட நின்னவ. தம்பி அனுப்பினான். நானும் என் பொண்ணும் வர்றோம். 2 பேர்.”