உஷார்! நீங்கள் வேலை தேடுவது மேனேஜருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்

பள்ளிக்கரணையிலிருந்து தினமும் காலையில் பெருங்குடிக்கும் சோழிங்கநல்லூர் எல்காட்டுக்கும் கம்பெனி கேப் ஏறும் பிள்ளைகளே, ஒரு நிமிஷம். வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் லிங்க்ட்இன் பக்கம் அதை ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கலாம். நீங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்க வேண்டாம்!

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்தது இது. பேர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். ஆறு வருஷமாக ஒரே இடத்தில் டெஸ்டிங் வேலை. நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள். கையில் ஆஃபர் வராமல் பேப்பர் போடக் கூடாது என்கிற தெளிவெல்லாம் இருந்தது. பச்சை வளையம் போட்ட #OpenToWork படத்தை வைக்கவில்லை. ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படிதான் வைத்திருந்தாள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து Easy Apply அழுத்தி விண்ணப்பித்தாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

ஒருநாள் டி.எல் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "என்னம்மா, அந்தக் கம்பெனி மேல ரொம்ப ஆர்வமா இருக்க போலிருக்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த மாதம் கிளம்ப வேண்டிய ஆன்சைட்டுக்கு வேறொருவர் போனார். அப்ரைசலில் அவளுக்குக் கிடைத்தது, "இன்னும் ஈடுபாடு தேவை." வேலை போகவில்லை. ஆனால் புது ஆஃபரும் வரவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

எப்படித் தெரிந்தது? யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. Easy Apply செய்யும்போது கடைசிப் பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கம்பெனியைப் பின்தொடர்வதாகச் சொல்லும் கட்டம் அது. அதில் டிக் ஏற்கெனவே போட்டே வரும். அவள் கவனிக்கவில்லை. விண்ணப்பித்த கம்பெனி ஒவ்வொன்றையும் வரிசையாகப் பின்தொடர்ந்துகொண்டே போனாள். நீங்கள் பின்தொடரும் கம்பெனிகள் உங்கள் புரொஃபைலின் கீழே Interests பகுதியில் Companies என்ற தலைப்பில் வந்து நிற்கும். போட்டிக் கம்பெனிகள் அத்தனையும் அங்கே அணிவகுத்திருந்தன. டி.எல் அவளுடைய கனெக்‌ஷன்தானே? திறந்து பார்க்க எத்தனை நேரம் ஆகும்?

இன்றைக்கே அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏறியிருக்கும் பெயர்களைப் பார்த்தால் பகீரென்றிருக்கும். ஒவ்வொன்றாக Unfollow செய்யுங்கள். அந்தக் கம்பெனியில் வேலை வந்தால் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு ஜாப் அலர்ட் வைத்தால் போதும், அது வெளியே தெரியாது. ஆனால் அலர்ட் போய்ச் சேரும் மெயில் உங்கள் சொந்த மெயிலாக இருக்கட்டும். மீட்டிங்கில் ஸ்க்ரீன் ஷேர் செய்யும்போது ஓரத்தில் 'உங்களுக்கேற்ற 12 புதிய வேலைகள்' என்று எட்டிப்பார்த்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது!

அடுத்தது கனெக்‌ஷன் பட்டியல். நீங்கள் மாற்றாத வரை, உங்கள் கனெக்‌ஷன்கள் எல்லாருக்கும் உங்கள் முழுப் பட்டியலும் தெரியும். வெளியாருக்குத் தெரியாது, சரி. ஆனால் பயமே வெளியாரிடம் இல்லையே! மேனேஜர், எச்.ஆர், பக்கத்து சீட்காரர் எல்லாருமே உங்கள் கனெக்‌ஷன்தான். லிங்க்ட்இன் தேடலில் Connections of என்று ஒரு வடிகட்டி உண்டு. அதில் உங்கள் பெயரைப் போட்டு, கூடவே இன்னொரு கம்பெனியின் பெயரையும் போட்டால், அந்தக் கம்பெனியில் உங்களுக்கு யார் யாரைத் தெரியும் என்று வரிசையாக வந்துவிடும். வந்தவர்களில் நான்கு பேர் 'டேலன்ட் அக்விசிஷன்' என்றிருந்தால் விஷயம் முடிந்தது.

இதை மூடும் வழி சுலபம். உங்கள் படத்தை அழுத்தி Settings & Privacy போங்கள். அதில் Visibility. அதில் Connections என்ற வரியைத் திறந்து அணைத்துவிடுங்கள். இனி முழுப் பட்டியல் உங்களுக்கு மட்டும். பக்கத்திலேயே நீங்கள் பின்தொடரும் ஆட்களை யார் பார்க்கலாம் என்று கேட்கும் வரியும் இருக்கும். அதையும் உங்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஆனால் அது ஆட்களுக்குத்தான். கம்பெனிப் பக்கங்களுக்கு அது உதவாது, மேலே சொன்ன Unfollow தான் வழி.

அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். இருவருக்கும் பொதுவான கனெக்‌ஷன்கள் அணைத்த பிறகும் தெரியும். ஓ.எம்.ஆரில் ஆள் பிடிக்கும் ரெக்ரூட்டர் ஒருவர் உங்கள் மேனேஜருக்கும் கனெக்‌ஷனாக இருந்தால், உங்கள் பக்கத்தில் அவர் பெயர் மேனேஜருக்குப் பளிச்சென்று தெரியும். ஆகவே தேடும் காலத்தில் ரெக்ரூட்டர்களை வரிசையாகச் சேர்க்காதீர்கள். மெயிலிலோ போனிலோ பேசுங்கள். கனெக்‌ஷன் அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குவது. நம் பிள்ளைகள் "We are hiring" பதிவு எங்கே கண்டாலும் போய் "Interested" என்று எழுதுகிறார்கள். நண்பனுக்கு உதவுகிறேன் என்று "CFBR" போடுகிறார்கள். பொதுப் பதிவில் நீங்கள் எழுதிய கருத்தை மறைக்க எந்த செட்டிங்கும் கிடையாது! லைக்கும் அப்படித்தான். பதிவு போட்டவர் அதை எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தால் உங்கள் கருத்தும் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கும். உங்கள் கனெக்‌ஷன்களின் ஃபீடில் 'இவர் இதற்குக் கருத்துச் சொன்னார்' என்று அதுவே போய் நிற்கும். உங்கள் பக்கத்தின் Activity பகுதியிலும் தங்கிவிடும். Followers செட்டிங்கில் உங்களைப் பின்தொடர்வது கனெக்‌ஷன்கள் மட்டும் என்று மாற்றினால் முன்பின் தெரியாதவர்கள் குறைவார்கள், நல்லதுதான். ஆனால் மேனேஜர் கனெக்‌ஷனாயிற்றே, அவர் உள்ளேயேதான் இருப்பார். பழைய "Interested" எல்லாவற்றையும் தேடிப் போய் அழிப்பது ஒன்றுதான் வழி. அலுப்பான வேலைதான். செய்யுங்கள்.

மேனேஜரையே பிளாக் செய்துவிட்டால்? வேண்டாம், கண்ணு! பிளாக் செய்தது அவருக்கு அறிவிப்பாகப் போகாது. ஆனால் நேற்று வரை இருந்த உங்கள் பக்கம் இன்றைக்குத் தேடினால் கிடைக்கவில்லை என்றால் அவருக்குப் புரியாதா? நெருப்பை மறைக்கப் போய்ப் புகையைக் கிளப்புவது போலத்தான்.

இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். இதைப் பார்ப்பதையே வியாபாரமாகச் செய்த கம்பெனி இருந்தது. அமெரிக்காவில் ஹைக்யூ லேப்ஸ் என்று பெயர். எல்லாருக்கும் தெரியும்படி இருந்த லிங்க்ட்இன் புரொஃபைல்களைத் திரட்டி, எந்த ஊழியர் வேலையை விட்டுப் போகக்கூடும் என்று கணித்து, அவர்களுடைய முதலாளிகளுக்கே விற்றது. அந்தச் சேவைக்குப் பெயர் கீப்பர். 2017இல் லிங்க்ட்இன் அதைத் தடுக்கப் பார்க்க, ஹைக்யூ வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இலும் மறுபடி 2022இலும் ஹைக்யூவுக்குச் சாதகமான இடைக்கால உத்தரவை நிலைநிறுத்தியது. அதே 2022இன் கடைசியில்தான், லிங்க்ட்இன் விதிகளை ஹைக்யூ மீறியது என்று கீழ் நீதிமன்றம் சொல்ல, வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கில் லிங்க்ட்இன் சொன்ன ஒரு தகவலைக் கவனியுங்கள்: புரொஃபைலில் செய்யும் மாற்றத்தை மற்றவர்களுக்கு அறிவிக்காதே என்ற வசதியை 5 கோடிப் பேருக்கு மேல் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது. உங்களுக்கு?

அந்த வசதி இப்போதும் Visibility பக்கத்தில் இருக்கிறது. Share profile updates with your network என்ற வரி. புரொஃபைலைத் தட்டி எழுப்பும் முன் அதை அணையுங்கள். பிறகு மாற்றங்களையும் ஒரே ராத்திரியில் செய்யாதீர்கள். அறிவிப்புப் போகாவிட்டாலும், ஒரு வருஷம் தூங்கிய பக்கம் திங்கட்கிழமை காலையில் புதுத் தலைப்பு, புதுப் படம், பத்துத் திறமைகளோடு நின்றால் பார்ப்பவர்களுக்குக் கண் இல்லையா?

Open to Work-ஐ ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்று வைத்ததாவது பத்திரமா? முழுக்க இல்லை. உங்கள் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமலிருக்க முயல்வோம், உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இனே சொல்கிறது. அது எதை வைத்து உங்கள் கம்பெனியை அறிகிறது? உங்கள் Experience பகுதியை வைத்துத்தான். அங்கே கம்பெனியின் அதிகாரபூர்வப் பக்கத்தோடு இணைக்காமல் வெறும் பெயரை மட்டும் அடித்து வைத்திருந்தால் யாரிடமிருந்து மறைப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? இன்னொன்று: உங்கள் கம்பெனிக்கே ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிக்காரர் வெளி ஆள். அவருக்கு நீங்கள் தெரிவீர்கள். அவர் உங்கள் எச்.ஆரோடு டீ குடிக்கிறவர்.

இப்போது ஆபத்தின் அடையாளங்கள். உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள் பட்டியலில் எச்.ஆர் பெயர் திடீரென்று வந்தால் உஷார். பெயரில்லாமல் உங்கள் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் பார்த்ததாகக் காட்டினால் இன்னும் உஷார், அவர் மறைந்து பார்க்கிறார் என்று அர்த்தம். டீமில் யாராவது "லிங்க்ட்இன்ல ரொம்ப ஆக்டிவ் போல" என்று விளையாட்டாகச் சொன்னால் அது விளையாட்டில்லை. நீங்களும் போட்டிக் கம்பெனிக்காரர்களின் பக்கங்களைப் பார்க்கும் முன் Profile viewing options போய் Private mode வையுங்கள். இலவசக் கணக்கில் அப்படி வைத்தால் உங்களைப் பார்த்தவர்களும் உங்களுக்குத் தெரியமாட்டார்கள். ஆகவே முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகு நம்பிக்கையான ஒரு நண்பரின் போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவர் உங்கள் கனெக்‌ஷனாக இருக்க வேண்டும். மேனேஜருக்கு என்ன தெரியுமோ ஏறக்குறைய அதுதான் அங்கே தெரியும். Activity, Interests, கனெக்‌ஷன் எண்ணிக்கை மூன்றையும் தட்டிப் பாருங்கள். உங்கள் போனில் நீங்களே பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், உங்களுக்கு எல்லாமே தெரியும்.

ஆஃபர் கைக்கு வந்துவிட்டதா? சந்தோஷம். ஆனால் அவசரப்படாதீர்கள். புதுக் கம்பெனியின் எச்.ஆர் ஆசையாக 'வருக வருக' என்று உங்கள் பெயரை டேக் செய்து பதிவு போட்டுவிடுவார். நீங்களோ பழைய இடத்தில் இன்னும் நோட்டீஸில் இருப்பீர்கள். Visibility பக்கத்திலேயே மற்றவர்கள் உங்களைக் குறிப்பிடலாமா என்று கேட்கும் வரி இருக்கிறது. ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும் வரை அது அணைந்தே இருக்கட்டும்.