பதினான்கு நாள் வேலைக்கு ஒரு துண்டுக் கடிதம்

அச்சுவேலியில் புடவைக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நானா, தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் கடையில் நிற்க இடமில்லை. ஆள் பிடித்தால் வேலை தெரியாது. பிடிக்காவிட்டால் வந்த சனம் திரும்பிப் போகுது. என்ன செய்யலாம்?"

பெருநாளோ, தீபாவளியோ, நத்தாரோ, வடபுலத்தில் கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே கணக்கோடு எழுதுகிறேன். 2025ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அந்தத் திகதியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர், எந்த வேலைக்கு?

முதலில் சென்ற வருடத்துப் பில் புத்தகத்தை எடுங்கள். சாதாரண நாளில் எத்தனை பில், கடைசிப் பத்து நாளில் எத்தனை பில் என்று எண்ணுங்கள். ஒரு விற்பனையாளர் மணிக்கு மூன்று பேரைக் கவனிக்கலாம் என்றால், மூன்று பேர் எட்டு மணிநேரத்தில் 72 பில் போடலாம். பில் புத்தகம் 110 என்று காட்டினால், மிச்சமுள்ள 38 பேருக்கு ஆள் இல்லை என்பது வெளிச்சம்.

அதற்காகப் புதிதாக இரண்டு விற்பனையாளரைத் தேட வேண்டாம். பழைய விற்பனையாளர் என்ன செய்துகொண்டு நிற்கிறார் என்று ஒரு மாலை முழுவதும் பாருங்கள். சாறியை விரித்துக் காட்டியபின் மடிக்கிறார், அடுக்குகிறார், பின்னறைக்குப் போய் வேறு நிறம் தேடுகிறார், பையில் போடுகிறார். விற்பது அவருடைய நேரத்தில் பாதிதான். மற்றப் பாதியை எடுத்துப் புதியவரிடம் கொடுத்தால் பழையவர் மணிக்கு மூன்று பேருக்குப் பதிலாக நான்கு, ஐந்து பேரைக் கவனிப்பார்.

எனவே மூன்று உதவியாளர் போதும். ஒருவருக்கு மடிப்பதும் அடுக்குவதும். ஒருவருக்குப் பின்னறையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் பை போடுவதும். மூன்றாமவருக்கு விலை ஒட்டியுள்ள சேட், சாரம், பிள்ளைகளின் உடுப்பு உள்ள ஒரே ஒரு பகுதி. நான்கு வேலைகளைத் தற்காலிகமாக வந்தவரிடம் கொடுக்கவே கூடாது. அவை காசு வாங்குவது, விலை குறைப்பது, கடன் கொடுப்பது, துணி வெட்டுவது. முதல் மூன்றில் வரும் பிழையைப் பேசித் தீர்க்கலாம். யாரில் கேட்டதை மீற்றரில் வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

யாரை எடுப்பது?

அண்மைய வருடங்களில் உயர்தரப் பரீட்சை தீபாவளியை அடுத்தே வருகிறது. 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கியது. 2025இல் நவம்பர் 10இல் தொடங்கியது. ஆகவே அந்த வருடம் பரீட்சை எழுதும் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். முந்தின வருடம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்கள் ஊரில் இருப்பார்கள். வேலைக்கான குறைந்த வயது 2021 முதல் 16 என்பதால் அடையாள அட்டையைப் பார்த்தே எடுங்கள்.

இன்னொரு வசதியும் நமக்குண்டு. தீபாவளி நெருக்கத்துக்கு முஸ்லிம் இளைஞர்களும், நோன்புப் பெருநாள் நெருக்கத்துக்குத் தமிழ் இளைஞர்களும் வந்தால், கடைசி இரவில் வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் எவருக்கும் இராது. ஆனால் மாலையில் வீடு திரும்ப பஸ் உண்டா என்பதை எடுக்கும்போதே கேளுங்கள். பஸ் போய்விட்டால் கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பு.

இரண்டு காலைப் பயிற்சி

ஒக்டோபர் 7 செவ்வாயும் 8 புதனும் கடை ஓரளவு அமைதியாக இருக்கும். அந்த இரண்டு காலையும் பயிற்சிக்கு. இதுவும் சம்பளம் உள்ள நேரமே.

முதல் காலை கடையின் இடங்கள். எந்தத் தட்டில் என்ன, அளவு எங்கே எழுதியிருக்கிறது, விலைத்துண்டை எப்படி வாசிப்பது, சாறியை எந்த மடிப்பில் வைப்பது. நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், கடையில் பழைய தம்பி ஒருவர் செய்து காட்டட்டும். முடிவில் கலைந்த பத்து உருப்படிகளைக் கொடுத்து இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எட்டுச் சரியென்றால் போதும். ஐந்துக்குக் கீழே என்றால் அவருக்குப் பை போடும் வேலை.

இரண்டாம் காலை வாடிக்கையாளரோடு பேசும் முறை. ஒரே ஒரு வசனத்தைப் பழக்குங்கள்: "ஒரு நிமிசம் நில்லுங்கோ அக்கா, கேட்டுச் சொல்லுறன்." விலை குறைக்கக் கேட்டாலும், மாற்றித் தரக் கேட்டாலும், கடன் கேட்டாலும் அவருடைய பதில் அதுதான். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் புதியவரால்தான் கடையில் சண்டை வரும்.

மூன்றாமவருக்கு ஒரு வேலை கூட உண்டு. அவருடைய பகுதியில் உள்ள உருப்படிகளைக் காலையில் எண்ணி, இரவில் எண்ண வேண்டும். காலைத் தொகையில் பில்லில் உள்ளதைக் கழித்தால் இரவுத் தொகை வர வேண்டும். இது அவரைச் சந்தேகிப்பதற்கல்ல. வேறு எங்காவது பொருள் குறைந்தால் அவர்மேல் பழி விழாமல் காப்பதற்கு.

எழுதிக் கொடுக்க வேண்டிய துண்டு

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுப்பது நம் வழி. கூலிக்கு ஆள் வைக்கும் இஜாரா ஒப்பந்தத்தில் கூலியும் காலமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதும் நம் சட்டவியலார் சொன்னது. நாட்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் நியமன விவரங்களை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. அரைப் பக்கம் போதும்:

வேலை: மடித்தல், அடுக்குதல்.
காலம்: 2025 ஒக்டோபர் 7 முதல் 20 வரை. அன்றோடு முடியும்.
நேரம்: வாரம் 45 மணி. விடுமுறை: 9 முழுநாள், 10 வெள்ளி அரைநாள், 14 அரைநாள், 20 முழுநாள். இவற்றுக்கும் சேர்த்தே சம்பளம்.
சம்பளம்: 27,000 ரூபா. மேலதிக மணிக்கு 450 ரூபா.
கழிவு: ஊழியர் சேமலாப நிதிக்கு 2,160 ரூபா.
கொடுக்கும் நாள்: ஒக்டோபர் 19 இரவு, காசாக.

இரு பிரதி எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள்.

இந்தத் தொகை எப்படி வந்தது? சட்டப்படி வாரத்துக்கு 45 மணி. இரண்டு வாரம் 90 மணி. மணிக்கு 300 ரூபா வீதம் 27,000. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதால் 450. 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000, நாளுக்கு 1,200 ரூபா. நம் தொகை அதற்கு மேலேயே நிற்கிறது. ஒக்டோபர் 16 முதல் 19 வரை நாளுக்கு இரண்டு மணி கூட நின்றால் எட்டு மணி, 3,600 ரூபா. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக்கூடாது.

சேமலாப நிதி தற்காலிக ஊழியருக்கு இல்லை என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதல் நாளிலிருந்தே உண்டு. ஊழியரிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். மேலதிக நேரக் கொடுப்பனவு இதில் சேராது. ஆக உங்கள் பங்கு 3,240உம் 810உம். அவர் கைக்கு 28,440 ரூபா போகும். உங்களுக்கு ஒருவரின் செலவு 34,650. மூவருக்கு 103,950. சாப்பாடு, தேநீர் சேர்த்து 110,000 என்று வையுங்கள்.

இது தாங்குமா? நூற்றுக்கு இருபது இலாபம் என்றால் 550,000 ரூபா கூடுதலாக விற்க வேண்டும். சராசரிப் பில் 5,000 என்றால் 110 பில். பதினான்கு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு எட்டு. மேலே பார்த்த 38 பேரில் எட்டுப் பேர் திரும்பிப் போகாமல் வாங்கினாலே செலவு வந்துவிடும். உங்கள் கடையில் அந்த எண்ணிக்கை எட்டுக்கும் கீழே என்றால் மூவர் வேண்டாம், ஒருவரோடு நிறுத்துங்கள்.

சரியாகப் போகிறதா என்பதை மாலை ஐந்து மணிக்கு மேசையைப் பார்த்தே அறியலாம். மடிக்காத சாறி குவிந்து கிடந்தால், பழைய விற்பனையாளர் பின்னறைக்கு ஓடிக்கொண்டிருந்தால், வேலை பிரித்தது சரியில்லை. அன்றிரவே ஆளை மாற்றிப் போடுங்கள். மறுநாள் வரை விட்டால் அந்த மாலை விற்பனை போனதுதான்.

முடியும் நாள்

சம்பளத்தைப் பண்டிகை கழிந்தபின் கொடுப்பது நம்மிடையே உள்ள பழக்கம். வேலைக்கு வந்த பிள்ளைக்கும் அது பண்டிகைதானே? உடுப்பும் சாமானும் வாங்க வேண்டிய காசு 21ஆம் திகதி கிடைத்து என்ன பயன்? 19 இரவு கடை பூட்டுமுன் மூவரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மேலதிக மணிகளைப் புத்தகத்தில் காட்டி, எண்ணிக் கொடுத்து, ஒப்பம் வாங்குங்கள். 20ஆம் திகதி அவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை, அத்தோடு காலமும் முடிகிறது.

இன்னொரு வழுக்கலும் உண்டு. வேலை நன்றாகச் செய்த தம்பியை "இன்னும் கொஞ்ச நாள் நில்லும்" என்று வாயால் சொல்லி வைத்திருப்பது. நாள் மாதமாகும், மாதம் வருடமாகும், கடிதம் இராது. பிறகு நிறுத்தும்போது அவர் தொழில் நியாய மன்றுக்குப் போனால், தவணை திரும்பத் திரும்ப நீண்ட வேலையை நிரந்தர வேலை என்றே அங்கே பார்க்கக்கூடும். அவரை வைத்திருக்க விருப்பமென்றால் நிரந்தர நியமனக் கடிதம் கொடுங்கள். இல்லையென்றால் திகதியில் அனுப்புங்கள்.

அனுப்பும்போது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும், எந்த வேலையில் கெட்டிக்காரர் என்பதையும் ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். தைப்பொங்கலுக்கோ பெருநாளுக்கோ முதலில் அழைக்க வேண்டியவர் அவரே. தெரிந்த ஆளென்றால் இரண்டு காலைப் பயிற்சி அரைக் காலையாகச் சுருங்கும்.