சங்கிலி விதியில் ஒளிந்திருக்கும் பூஜ்ஜியம்

மலைப்பாதையில் ஒரு கார் ஏறிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 20 மீட்டர் உயரம் கூடுகிறது. உயரம் ஒவ்வொரு 1000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் காருக்கு வெளியே நிமிடத்துக்கு எத்தனை டிகிரி குளிர் கூடும்? 20 மீட்டரை 0.0065 ஆல் பெருக்கினால் போதும்: 0.13 டிகிரி. வெப்பநிலை உயரத்தைப் பொறுத்தது, உயரம் நேரத்தைப் பொறுத்தது. ஆகவே வெப்பநிலை நேரத்தோடு மாறும் வேகம் என்பது அந்த இரண்டு வேகங்களின் பெருக்கல்தான். பதினோராம் வகுப்பு வகைநுண்கணிதத்தில் சங்கிலி விதி என்ற பெயரில் வருவது இதுவே.

இந்த விதிக்கு வயது அதிகம். ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸ் 1676-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில் ஒரு வர்க்கமூலத்தின் வகைக்கெழுவைக் காண இதைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் கணக்கில் ஒரு குறியைத் தவறாகப் போட்டும் இருக்கிறார். பிற்காலத்தில் அவருடைய குறியீட்டிலேயே விதியை எழுதிப் பழகிவிட்டோம்:

dy/dx = (dy/du) · (du/dx)

பார்த்தவுடன் மேலும் கீழும் உள்ள du-வை அடித்துவிடத் தோன்றும். பல மாணவர்கள் அதையே நிரூபணமாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் dy/du என்பது பின்னம் இல்லை, ஒரு பின்னத்தின் எல்லை. அதனால் அடிப்பதை இங்கே செய்ய முடியாது, எல்லைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

அதையும் செய்துபார்ப்போம். உட்சார்பு g, வெளிச்சார்பு f. a என்ற புள்ளியில் x-ஐ h அளவு நகர்த்துகிறோம். அதனால் g-யின் மதிப்பு k அளவு மாறுகிறது, அதாவது k = g(a+h) − g(a). g(a)-வை b என்று சுருக்கிக்கொள்ளலாம். கூட்டுச்சார்பின் மாற்றத்தை h ஆல் வகுத்து, k ஆல் பெருக்கி, k ஆலேயே வகுக்கிறோம்:

[f(b+k) − f(b)]/h = [f(b+k) − f(b)]/k · k/h

h பூஜ்ஜியத்தை நெருங்கும்போது k-யும் நெருங்கும். ஏனென்றால் வகையிடத்தக்க சார்பு தொடர்ச்சியானதும்கூட. ஆகவே வலப்பக்கம் f′(b) · g′(a) ஆகிவிடுகிறது. நான்கே வரி, படிக்கவும் அழகாகத்தான் இருக்கிறது.

ஓட்டை எங்கே? வகைக்கெழுவின் வரையறை h-ஐ மட்டும்தான் பூஜ்ஜியம் ஆகக் கூடாது என்று தடுக்கிறது. k விஷயத்தில் அது வாயே திறப்பதில்லை. கார் சமதளத்தில் ஓடினால் நேரம் நகரும், உயரம் மாறாது. அப்போது k = 0, நாம் பூஜ்ஜியத்தால் வகுத்துக்கொண்டிருக்கிறோம்.

‘சமதளம் என்றால் g ஒரு மாறிலி, அந்த ஒரு வழக்கைத் தனியாகப் பார்த்துவிட்டால் போச்சு’ என்று தோன்றலாம். விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. இந்தச் சார்பைப் பாருங்கள்:

g(x) = 5 + x² sin(1/x), g(0) = 5

இது மாறிலி இல்லை. ஆனால் a = 0 என்ற புள்ளியில் k = h² sin(1/h). h-க்கு 1/π, 1/(2π), 1/(3π) என்ற மதிப்புகளைக் கொடுத்தால், அதாவது ஏறக்குறைய 0.318, 0.159, 0.106 என்று கொடுத்தால், ஒவ்வொரு முறையும் k பூஜ்ஜியம் ஆகிறது. 1/(1000π), அதாவது சுமார் 0.000318, அதிலும் அப்படியே. பூஜ்ஜியத்தை எவ்வளவு நெருங்கிப் போனாலும் இப்படிப்பட்ட புள்ளிகள் எண்ணற்று வழியில் கிடக்கின்றன. ‘h போதுமான அளவு சிறியதாக இருந்தால் k பூஜ்ஜியம் ஆகாது’ என்று சொல்லித் தப்பிக்கவே முடியாது.

இத்தனைக்கும் g இங்கே ஒழுங்காக வகையிடத்தக்கது. k/h = h sin(1/h), அதன் அளவு |h|-ஐத் தாண்டாது, ஆகவே g′(0) = 0. இது தற்செயல் அல்ல. k பூஜ்ஜியமாகும் h மதிப்புகள் a-வின் அருகே முடிவில்லாமல் குவிந்தால், அந்த மதிப்புகளில் எல்லாம் k/h பூஜ்ஜியம்தான். ஆகவே எல்லையும் பூஜ்ஜியமாகத்தான் இருந்தாக வேண்டும். இதைத் திருப்பிச் சொன்னால், g′(a) பூஜ்ஜியம் இல்லாத இடத்தில் அந்த நான்கு வரி நிரூபணம் முற்றிலும் சரி. சிக்கல் முழுவதும் g′(a) = 0 என்ற இடத்தில்தான் இருக்கிறது.

பழுது பார்க்கும் வழி எளிது. வகுத்தல் வரும் துண்டை மட்டும் தனியாக எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைப்போம்:

φ(k) = [f(b+k) − f(b)]/k, k ≠ 0 எனில்
φ(0) = f′(b)

k பூஜ்ஜியம் ஆகும்போது அந்தப் பின்னத்துக்கு மதிப்பு கிடையாது. அந்த வெற்றிடத்தில் நாமே ஒரு மதிப்பை வைக்கிறோம். ஏமாற்று வேலை போலத் தெரியலாம், ஆனால் எந்த மதிப்பை வைக்கிறோம் என்று கவனிக்க வேண்டும். k பூஜ்ஜியத்தை நெருங்கும்போது அந்தப் பின்னம் எதை நெருங்குகிறதோ அதையேதான் வைக்கிறோம். அதனால் φ பூஜ்ஜியத்தில் தொடர்ச்சியானது. f என்பது b-யில் வகையிடத்தக்கது என்ற நிபந்தனை பயன்படுவது இந்த இடத்தில்தான்.

இனி, f(b+k) − f(b) = φ(k) · k என்ற சமன்பாடு k எதுவானாலும் பொருந்தும். k = 0 என்றால் இருபக்கமும் பூஜ்ஜியம், வகுத்தல் எங்கும் இல்லை. இருபக்கமும் h ஆல் வகுப்போம், h பூஜ்ஜியம் இல்லை என்பதால் அதில் தடை இல்லை:

[f(b+k) − f(b)]/h = φ(k) · k/h

h → 0 என்றால் k → 0, φ(k) → f′(b), k/h → g′(a). நிரூபணம் முடிந்தது.

மேலே பார்த்த g-யோடு f(u) = u² என்று எடுத்துச் சோதிக்கலாம். b = 5. (5+k)² − 25 = 10k + k² = (10 + k) · k. ஆக φ(k) = 10 + k, φ(0) = 10, அது f′(5)-ம்தான். h ஆல் வகுத்தால் (10 + k) · h sin(1/h). h = 0.01 என்றால் விடை சுமார் −0.05. h இன்னும் சுருங்கினால் இதுவும் பூஜ்ஜியத்துக்கே போகிறது, விதி சொல்லும் 10 × 0 போலவே. வர்க்கச் சார்பில் k அடிபட்டு φ தானாகவே வந்துவிடுகிறது. f(u) = eᵘ போன்றவற்றில் அப்படி அடிபடாது, அங்கேதான் φ(0)-க்கு மதிப்பை நாமாக வைக்க வேண்டியிருக்கிறது.

வகுத்தலைத் தவிர்த்து, தொடர்ச்சியான ஒரு காரணியைக் கொண்டே வகைக்கெழுவை வரையறுக்கும் முறைக்குக் கிரேக்கக் கணிதவியலாளர் கரத்தியோடரியின் பெயர் வழங்குகிறது. அவர் காலமான 1950-இல் வெளிவந்த அவருடைய சார்புக் கோட்பாட்டு நூலில் அது இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. விதி ஒரு திசையில்தான் பேசுகிறது: f-ம் g-யும் உரிய புள்ளிகளில் வகையிடத்தக்கவை என்றால் கூட்டுச்சார்பும் வகையிடத்தக்கது. இதைத் திருப்பிப்போட முடியாது. f(u) = |u|, g(x) = x² என்று எடுங்கள். f பூஜ்ஜியத்தில் வகையிடத்தக்கது அல்ல, φ(0)-க்கு வைக்க மதிப்பே இல்லை. ஆனால் f(g(x)) என்பது வெறும் x², அதற்குப் பூஜ்ஜியத்தில் வகைக்கெழு உண்டு. சங்கிலி விதி இங்கே பொய்யாகவில்லை, பொருந்தவில்லை. தேர்வுத்தாளில் இப்படி ஒரு கணக்கு வந்தால் விதியை விட்டுவிட்டு நேரே வரையறைக்குப் போய்விடுங்கள்.