கடைசி பிஸ்கட் மாயம்: வீட்டில் பரபரப்பு

"தலைப்புச் செய்திகள். அடுக்களை டப்பாவில் இருந்த கடைசி மேரி பிஸ்கட் மாயம். சம்பவத்துக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை எனத் தாத்தா திட்டவட்டமாக மறுப்பு."

குடும்பம் கூடியிருக்கும்போது யாராவது ஒருவர் கரண்டியை மைக்காகப் பிடித்து இப்படி ஆரம்பித்தால் வீடே கலகலத்துவிடும். ஆனால் வாசிப்பவர் மட்டும் சிரிக்கக்கூடாது. போலிச் செய்தி அறிக்கை என்ற நகைச்சுவை வடிவமே அந்த இறுகிய முகத்தில்தான் நிற்கிறது.

அந்தக் குரலுக்கு எவ்வளவு வலு என்பதை 1957 ஏப்ரல் முதல் தேதி பிபிசி காட்டியது. சுவிட்சர்லாந்தின் தெற்கே ஒரு குடும்பம் மரங்களிலிருந்து ஸ்பாகெட்டியைப் பறித்து வெயிலில் உலர்த்துவதாக, 'பனோரமா' நிகழ்ச்சியில் சுமார் மூன்று நிமிடப் படம் ஓடியது. வர்ணனை கொடுத்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை வர்ணித்த அதே கம்பீரக் குரல். அந்தக் காலத்து பிரிட்டனில் ஸ்பாகெட்டி அன்றாடச் சாப்பாடு கிடையாது. எனவே பலர் நம்பினார்கள். அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று பிபிசிக்கே போன் போட்டுக் கேட்டவர்களும் உண்டு!

நம் பிஸ்கட்டுக்கு வருவோம். தலைப்பு முடிந்ததும் விரிவான செய்தி. "நேற்று மாலை நான்கு மணி வரை டப்பாவில் பிஸ்கட் இருந்ததை அம்மா உறுதி செய்துள்ளார். ஐந்து மணிக்குக் காபி போடச் சென்றபோது டப்பா காலியாக இருந்தது தெரியவந்தது." பிறகு நேரலை. ஹாலில் இருக்கும் செய்தியாளர், ஸ்டுடியோவில் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும்: "ஆமாம், நீங்கள் சொன்னதுபோல இங்கே பிஸ்கட் இல்லை." டிவி பார்க்கும் எவருக்கும் இந்த இடம் புரியும். அடுத்து, "பெயர் வெளியிட விரும்பாத பாட்டி" தரும் தகவல். தாத்தாவின் சட்டைப் பையில் துகள்கள் இருந்ததாகக் கூறப்படுகிறது. "அது மூக்குப்பொடி" என்கிறது தாத்தா தரப்பு.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். சிரிப்புப் போதவில்லை என்று ராணுவத்தையும் ஹெலிகாப்டரையும் வரவழைத்துவிடுவார்கள். அதோடு கதை கந்தல். மொழி எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லை, நடந்தது ஒரு பிஸ்கட்டின் அளவைத் தாண்டக்கூடாது. டப்பா, துகள், மூக்குப்பொடி எல்லாம் அந்த வீட்டில் நிஜமாகவே இருப்பவை. அதனால்தான் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

இரண்டு நிமிடத்துக்குள் வானிலைக்கு வந்துவிடுவது நல்லது: "அடுக்களைப் பகுதியில் மாலை வரை இடி மின்னலுக்கு வாய்ப்பு." சந்தேக நபராக, தானும் சேர்ந்து சிரிக்கக்கூடியவரையே தேர்ந்தெடுங்கள். நான்கு வயதுக் குழந்தையைக் குற்றவாளி ஆக்கினால், அடுத்த செய்தி நிஜமான அழுகையாகிவிடும்.