18:30, பக்கத்தில் ஒரு Z: பிறந்தநாள் எங்கே போச்சு?

ஃபார்மில் ஒருத்தர் பிறந்த தேதியை 15 ஆகஸ்ட் 2001னு கொடுத்திருக்கார். டேட்டாபேஸிலிருந்து எடுத்த ஃபைலில் அது இப்படி இருக்கு:

```
2001-08-14T18:30:00.000Z
```

முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி சான்றிதழில் அச்சடிச்சா, அவர் ஒருநாள் முன்னாடியே பிறந்துடுவார். ஆதாரில் ஒரு தேதி, இதில் ஒரு தேதி. அப்புறம் திருத்தச் சொல்லி அலையணும்.

இதைப் பிரிச்சுப் படிப்போம். முதலில் வருடம், மாதம், நாள். அடுத்து வரும் T-க்கு, 'தேதி முடிஞ்சது, இனி நேரம்'னு மட்டும்தான் அர்த்தம். பிறகு மணி, நிமிடம், நொடி. புள்ளிக்குப் பின்னாடி இருப்பது மில்லிசெகண்ட். கடைசியில் இருக்கிற Z-தான் முக்கியம். இந்த மணி யுடிசி கடிகாரத்தில் பார்த்ததுன்னு அது சொல்லுது.

நம்ம கடிகாரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னாடி ஓடுது. 14-ஆம் தேதி 18:30-உடன் ஐந்தரை மணியைக் கூட்டினா 15-ஆம் தேதி நள்ளிரவு 00:00. அதனாலதான் 18:30Z-ஐப் பார்த்ததும் நான் இந்திய நள்ளிரவான்னு சந்தேகப்படுவேன். தேதி மட்டும் வாங்கின ஃபார்ம், நேரத்தை நள்ளிரவுன்னு தானா நிரப்பி, யுடிசிக்கு மாத்திடுச்சு.

அதே நொடியை இப்படியும் எழுதலாம்:

```
2001-08-15T00:00:00+05:30
```

இங்கே பலர் இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டிடுவாங்க. தேவையில்லை. முன்னாடி இருப்பது ஏற்கனவே உள்ளூர் மணி; யுடிசியிலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்குன்னுதான் வால் சொல்லுது. யுடிசி வேணும்னா கழிக்கணும். வாலே இல்லைன்னா அது எந்த ஊர் மணின்னு தெரியாது. படிக்கிற புரோகிராம் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கும்.

சரி, ஃபைலை எப்படித் திருத்துறது? எல்லா வரிக்கும் ஒருநாள் கூட்டாதீங்க. சில வரிகளில் `2001-08-15T00:00:00Z`னு சரியான தேதியே இருக்கலாம்; அது 16 ஆயிடும். அதுக்குப் பதிலா ஒவ்வொண்ணையும் இந்திய நேரத்துக்கு மாத்தி, பிறகு தேதியை எடுங்க. இந்த வரி காலை 05:30 ஆகும், தேதி 15-தான். 18:30Z வரியும் 15-க்கு வந்துடும்.

ஒரு எல்லை உண்டு. சிங்கப்பூரில் உட்கார்ந்து நிரப்பினவருக்கு அது 14-ஆம் தேதி 16:00Z-ஆ பதிவாகியிருக்கும். இந்திய நேரத்துக்கு மாத்தினா இரவு 21:30, தேதி இன்னும் 14. அதுக்கு எட்டு மணி நேரம் கூட்டணும். அதனால 16:00Z வரிகளைத் தனியா எடுத்துப் பாருங்க.

புதுசா ஃபார்ம் செய்றீங்கன்னா, பிறந்த தேதியை `2001-08-15`னு வெறும் தேதியாவே சேமிச்சுடுங்க. T-யும் வேண்டாம், Z-உம் வேண்டாம். ஓடிபி வந்த நேரம், பணம் போன நேரம் மாதிரி ஒரு நொடியைக் குறிக்கிற விஷயத்துக்குத்தான் வால் வேணும்.